பத்து சதவீதமா, ஆளுக்கு இரண்டாயிரமா?

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடையில் பத்துப் பேர் வேலை பார்க்கிறோம். என்னையும் சேர்த்து நான்கு பேருக்கு 12,000 சம்பளம். சீனியர் விற்பனையாளர்கள் மூவருக்கு 18,000, கேஷியருக்கும் கணக்கருக்கும் தலா 25,000, மேலாளருக்கு 48,000. இந்த முறை முதலாளி எல்லாருக்கும் 10 சதவீதம் கூட்டினார். எனக்குக் கிடைத்தது 1,200, மேலாளருக்கு 4,800. அதே பணத்தை ஆளுக்கு 2,000 என்று பிரித்திருக்கலாமே என்று கேட்டேன். "சதவீதம்தான் சமம், கணக்கு தெரியாமல் பேசாதே" என்கிறார் மேலாளர். யார் சொல்வது நியாயம்?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: உங்கள் மேலாளருக்குக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. உங்களுக்கும்தான். இரண்டு பேரும் அவரவருக்கு லாபமான கணக்கைப் பிடித்துக்கொண்டு அதற்குச் 'சமம்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

கடையின் மாதச் சம்பளம் மொத்தம் 2 லட்சம், ஆட்கள் பத்து. அப்படியானால் சராசரி 20,000. செலவுத் தொகை ஒன்றே என்றால், சராசரிக்குக் கீழே இருப்பவருக்கு ஆளுக்கு ஒரே தொகை என்பது லாபம். மேலே இருப்பவருக்குச் சதவீதம் லாபம். எந்தக் கடையில் போட்டுப் பார்த்தாலும் இது மாறாது. உங்கள் கடையில் சராசரிக்குக் கீழே ஏழு பேர் இருக்கிறீர்கள். ஓட்டெடுப்பு வைத்தால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். அதனாலேயே நியாயம் உங்கள் பக்கம் வந்துவிடாது. ஏழு பேருக்கு லாபம் என்பது மட்டும்தான் அதில் தெரியும்.

ஒரு வருடத்தோடு நிறுத்தினால் இந்த வாக்குவாதம் சில நூறு ரூபாய்ச் சண்டையாகத்தான் தெரியும். ஐந்து வருடம் ஓட்டிப் பாருங்கள். முதலாளி வருடந்தோறும் சம்பளச் செலவில் 10 சதவீதம் கூட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சதவீதப்படியே போனால் ஐந்தாம் வருட முடிவில் உங்களுக்கு 19,326, சீனியருக்கு 28,989, மேலாளருக்கு 77,304. அவர் உங்களைப்போல நான்கு மடங்கு வாங்கினார், இன்னமும் நான்கு மடங்குதான். 'சமம்' என்று அவர் சொல்வது இதைத்தான். ஆனால் கையில் வரும் பணத்தில் 36,000 ரூபாயாக இருந்த இடைவெளி ஏறக்குறைய 58,000 ஆகிவிட்டது. சதவீதம் என்பது இன்று இருக்கும் விகிதத்தைச் சரி என்று ஒப்புக்கொண்டு அதைப் பூட்டி வைக்கிற முறை. அந்த நான்கு மடங்கை யார், எப்போது, எதை வைத்து முடிவு செய்தார்கள் என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை.

இப்போது உங்கள் வழி. அதே பணத்தை வருடந்தோறும் ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் ஐந்து வருடத்தில் ஒவ்வொருவருக்கும் 12,210 கூடியிருக்கும். உங்களுக்கு 24,210, சீனியருக்கு 30,210, மேலாளருக்கு 60,210. மேலாளரை விடுங்கள், சீனியரைப் பாருங்கள். இன்று அவர் உங்களைவிட 6,000 கூடுதலாக வாங்குகிறார். உங்கள் சம்பளத்தில் பாதி அது. ஐந்து வருடம் கழித்தும் அதே 6,000தான். அது உங்கள் சம்பளத்தில் கால் பங்குகூட இல்லை. அதற்குள் விலைவாசியும் ஏறியிருக்கும் என்பதால் அந்த 6,000 ரூபாய்க்கு இன்றைக்குள்ள மதிப்பும் இருக்காது. கல்யாணப் பட்டு எடுக்க வரும் குடும்பத்தை இரண்டு மணி நேரம் உட்கார வைத்து விற்றுக் காட்டுகிற அவருடைய அனுபவத்துக்குக் கடை கொடுக்கிற விலை, யாரும் குறைக்காமலேயே குறைந்துபோகும். இன்னும் சில வருடத்தில் அந்த சீனியர் இடத்தில் நீங்களே நிற்கப்போகிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இது நான் கற்பனையில் சொல்வதல்ல. இத்தாலியில் 1975-ல் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. விலைவாசிக் குறியீடு ஒரு புள்ளி ஏறினால் கடைநிலைத் தொழிலாளிக்கும் மேலே இருப்பவருக்கும் ஒரே அளவு லிரா கூடும் என்று ஏற்பாடு. சில வருடத்தில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அப்போது அங்கே விலைவாசி இரட்டை இலக்கச் சதவீதத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அதனால் சம்பள உயர்வின் பெரும்பகுதி இந்த ஒரே தொகையாகவே வந்து சேர, திறமைக்கும் பொறுப்புக்கும் இருந்த இடைவெளி வேகமாகச் சுருங்கியது. 1980 அக்டோபரில் டூரின் நகரத்தில் ஃபியட் ஆலையின் மேற்பார்வையாளர்களும் அலுவலகத்தாரும் பெருங்கூட்டமாக ஊர்வலம் போனார்கள், அதுவும் தொழிற்சங்கத்தின் வேலைநிறுத்தத்துக்கு எதிராக. அந்த வேலைநிறுத்தம் ஆட்குறைப்பைப் பற்றியது என்றாலும், மேற்பார்வையாளர்கள் மனதில் இருந்த கசப்புக்கு இந்தச் சம்பளச் சுருக்கமும் ஒரு காரணம். 1992-ல் அந்த விலைவாசிப் படி முறையையே எடுத்துவிட்டார்கள். கீழே இருப்பவர்களைத் தூக்கிவிட வந்த ஏற்பாடு, நடுவில் இருந்தவர்களை அவர்களுக்கே எதிராகத் திருப்பிவிட்டது.

சரி, அப்படியானால் சதவீதம்தான் நல்லது என்கிறேனா? இல்லை. உங்கள் இருவர் பேச்சிலும் விட்டுப்போன ஒரு விஷயம் இருக்கிறது: இந்த உயர்வு எதற்காகத் தரப்படுகிறது? விலைவாசி ஏறியதற்கா, கடை நன்றாக ஓடியதற்கா, ஒருவரை வேறு கடைக்கு விடாமல் வைத்துக்கொள்வதற்கா? மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு எப்படிப் பிரிப்பது நியாயம் என்று கேட்டால் பதில் வராது.

முதலில் விலைவாசியை எடுத்துக்கொள்வோம். பழைய சம்பளத்தில் வாங்கியதை இப்போதும் வாங்க முடிய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் சதவீதமே பொருந்தும். ஆனால் அரிசி, மீன், தேங்காயெண்ணெய் விலை ஏறும்போது மேலாளருக்கும் உங்களுக்கும் கிலோவுக்கு ஒரே ரூபாய்தான் ஏறுகிறது. உங்கள் சம்பளத்தில்தான் அது பெரிய பங்கு. இந்த இழுபறியை அரசாங்கமே இரண்டு விதமாகத் தீர்த்திருக்கிறது. மத்திய அரசின் நான்காவது ஊதியக்குழு, 3,500 ரூபாய் வரை அடிப்படைச் சம்பளம் வாங்கியவர்களுக்கு மட்டும் விலைவாசி உயர்வை முழுதாக ஈடுகட்டச் சொன்னது. அதற்கு மேலே 6,000 வரை 75 சதவீத ஈடு, அதற்கும் மேலே 65 சதவீத ஈடு. ஐந்தாவது ஊதியக்குழு வந்துதான் எல்லாருக்கும் முழு ஈடு என்று ஆனது. உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில் இன்று அகவிலைப்படி பற்றிப் பேசும்போது எத்தனை சதவீதம் என்று மட்டும் பேசுவது அதனால்தான். ஆனால் உங்கள் கடை போன்ற இடங்களுக்குத் தமிழ்நாடு அரசு போடும் குறைந்தபட்ச ஊதிய ஆணையைப் பாருங்கள். அங்கே அகவிலைப்படி, குறியீட்டுப் புள்ளிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கிட்டு எல்லா நிலையினருக்கும் ஒரே தொகையாக வரும். வயிற்றுப்பாட்டுக்கான ஊதியத்தில் தொகை, ஏணிப்படிச் சம்பளத்தில் சதவீதம். இரண்டுமே அதனதன் இடத்தில் சரிதான்.

கடை நன்றாக ஓடியதற்கான பங்கு வேறு விஷயம். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் கூட்டம் அலைமோதும்போது இரவு வரை நின்றுகொண்டே துணி மடித்தவர்களில் நீங்களும் ஒருவர். கொள்முதலை மேலாளர் சரியாகச் செய்யாமல் அந்தக் கூட்டம் வந்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பொறுப்புக்குத்தான் மாதா மாதம் 48,000 வாங்குகிறாரே. கூடுதல் லாபத்திலும் உங்களைப்போல நான்கு மடங்கு வேண்டும் என்பதற்கு அவர் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியை ஆளுக்குச் சமமாகத் தருவதுதான் என் பார்வையில் நியாயம்.

மூன்றாவது, வெளியே கிடைக்கும் விலை. மேலாளரைத் திருவனந்தபுரத்துக் கடை ஒன்று கூடுதல் சம்பளத்துக்கு அழைக்கிறது, அவரை இழக்க முடியாது என்றால் முதலாளி அவருக்குத் தனியாகக் கூட்டட்டும். அதற்கு முதலாளியே காரணமும் சொல்லட்டும். பத்துப் பேருக்கும் பொதுவான சதவீதத்துக்குள் அதை ஒளித்து வைப்பதுதான் தவறு.

இதை உங்கள் கடைக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த 20,000 ரூபாயில் பாதியை விலைவாசிக்கு என்று 5 சதவீதமாகவும், மீதி 10,000-ஐ ஆளுக்கு 1,000 ஆகவும் பிரியுங்கள். உங்களுக்கு 600-ம் 1,000-மாக 1,600. சீனியருக்கு 1,900. கேஷியருக்கும் கணக்கருக்கும் 2,250. மேலாளருக்கு 3,400. கூட்டிப் பாருங்கள், முதலாளிக்கு ஒரு ரூபாய்கூட அதிகச் செலவில்லை. உங்கள் சம்பளம் 13 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறது. மேலாளருடையது ஏழு சதவீதம், விலைவாசிக்கு என்று ஒதுக்கிய ஐந்துக்குக் குறையவில்லை. சீனியருக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளி 6,000-லிருந்து 6,300 ஆகிறது. சுருங்கிப் போகாது, பூட்டியும் கிடக்காது. பாதிக்குப் பாதி என்பது வேத வாக்கில்லை. விலைவாசி கடுமையாக ஏறிய வருடத்தில் சதவீதப் பகுதியைக் கூட்டிக்கொள்ளலாம், வியாபாரம் நன்றாக இருந்த வருடத்தில் தொகைப் பகுதியை.

எந்தப் பக்கம் தவறிப்போனது என்பதைக் கடையை விட்டுப் போகிறவர்களைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நாலு மாதத்தில் வேறு கடைக்கோ எல்லை தாண்டிப் பாறசாலைக்கோ போய்விடுகிறார்கள் என்றால் கீழ்ச் சம்பளம் போதவில்லை என்று பொருள். பத்து வருடம் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டால் நடுவில் சுருங்கிவிட்டது. புதிதாக வருபவருக்குப் பேசும் சம்பளமும் ஐந்து வருட ஆளின் சம்பளமும் ஒன்றுபோலத் தெரிந்தால் ஆள் போகும் வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு காரியங்கள் செய்யுங்கள். முதலில், உங்கள் 12,000 இந்த ஆண்டின் குறைந்தபட்ச ஊதிய ஆணையில் உங்கள் வேலைக்குச் சொல்லியிருப்பதைவிடக் குறையாமல் இருக்கிறதா என்று நாகர்கோவிலில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள். குறைவாக இருந்தால், அந்தப் பாக்கியை நிரப்புவதற்குச் சம்பள உயர்வு என்று பெயர் கிடையாது. அப்புறம், மேலாளரோடு வாதாடுவதை விட்டுவிட்டு 18,000 வாங்கும் மூவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஆளுக்கு 2,000 என்ற உங்கள் யோசனையைக் கேட்டு அவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். இதில் அவர்களுக்கு 10 சதவீதத்தைவிட நூறு ரூபாய் கூடுதல், உங்களைவிட 300 ரூபாயும் கூடுதல். நீங்கள் நான்கு பேர், அவர்கள் மூவர். அடுத்த உயர்வுப் பேச்சுக்கு முன்னால் ஏழு பேராகப் போய் முதலாளியிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பத்தில் விலைவாசிக்கு எவ்வளவு, வியாபாரத்துக்கு எவ்வளவு?