தரை பளபளக்கிறது, படத்தில் தெரியவில்லையே?

கேள்வி: மதுரையில் பழைய மொசைக் தரைகளுக்கு பாலிஷ் போடும் வேலை செய்கிறேன். வேலைக்கு முன்னும் பின்னும் போனில் படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நேரில் பார்ப்பவர்கள் அசந்து போகிறார்கள். படத்தில் பார்ப்பவர்களோ, "என்னங்க, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே" என்கிறார்கள். பார்த்ததும் வித்தியாசம் தெரிய என்ன செய்வது?

பதில்: உங்கள் போன் கேமரா உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. எந்தக் காட்சியைக் காட்டினாலும் அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் இயல்பு. அழுக்கேறிய தரையைக் காட்டினால் இருட்டாக இருக்கிறதே என்று தூக்கிக் காட்டும். பாலிஷ் போட்ட வெளிர் தரையைக் காட்டினால் கூசுகிறதே என்று குறைத்துவிடும். நிறத்திலும் இதே கதை: மஞ்சளித்த தரையின் மஞ்சளைத் தானாகவே கழித்துவிடும். நீங்கள் பல நாள் பாடுபட்டு உண்டாக்கிய வித்தியாசத்தை அது ஒரு நொடியில் சமன் செய்துவிடுகிறது.

இதைத் தடுக்க ஒரு வெள்ளை A4 தாள் போதும். 'முன்' படம் எடுக்கும்போது தரையில் ஓர் ஓரமாக, படச் சட்டத்துக்குள் வரும்படி தாளை வையுங்கள். கேமராவில் Pro என்ற பிரிவு இருந்தால் அதைத் திறந்து நிறத்தைச் சரிசெய்யும் WB, வெளிச்சத்தைச் சரிசெய்யும் ISO இரண்டையும் தானியங்கியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு WB 5000 முதல் 5500 வரை வைக்கலாம். தாள் வெள்ளையாகவும், ஆனால் வெளிறிப் போகாமலும் தெரியும் வரை வெளிச்சத்தைச் சரி செய்து எடுங்கள். 'பின்' படத்திலும் தாள் அதே இடத்தில், அதே வெண்மையில் தெரிய வேண்டும். வானம் அன்றைக்கு மூட்டமாக இருந்தாலும் தாளைப் பார்த்துச் சரிக்கட்டிவிடலாம். Pro பிரிவு இல்லாத போனில் திரையில் தாளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் பூட்டிக்கொள்ளும். ஐபோனில் AE/AF LOCK என்று காட்டும். கடைசியில் ஒட்டும்போது தாள் இருக்கும் பகுதியை வெட்டி எறிந்துவிடலாம்.

அடுத்தது பளபளப்பு. பாலிஷ் போடுபவர்களின் படங்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். தரைக்கு நேர்மேலே நின்று எடுத்தால் பளபளப்பு பதியவே பதியாது. ஃபிளாஷ் போட்டால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும், அவ்வளவுதான். தரையில் எதிரொளிக்கும் பொருளைக் காட்டினால்தான் பளபளப்பு தெரியும். அதற்கு ஜன்னல் கம்பியைவிட நல்ல பொருள் கிடையாது.

பதினான்கு அடி ஹால் என்று வைத்துக்கொள்வோம். ஜன்னலின் நடுப்பகுதி தரையிலிருந்து நான்கடி உயரம். எதிர்ச் சுவரை ஒட்டி நின்று போனையும் நான்கடி உயரத்தில் பிடியுங்கள். ஜன்னல் கம்பியின் பிம்பம் ஹாலின் சரிபாதியில், உங்களிடமிருந்து ஏழடியில் விழும். பாலிஷ் போடாத தரையில் அங்கே வெறும் வெள்ளைப் புகைச்சல்தான் தெரியும். போட்ட தரையில் கம்பிகளை எண்ணிவிடலாம். இந்த அளவுகளில் பார்வை தரையைத் தொடும் கோணமும் (செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்தால்), பளபளப்பை அளக்கும் கருவியில் பொதுவாகப் பயன்படும் 60 டிகிரியும் ஏறத்தாழ ஒன்றே. உட்கார்ந்து இன்னும் தாழ்வாக எடுத்தால் அசத்தலாக இருக்குமே என்று தோன்றும். வேண்டாம். மிகத் தாழ்ந்த கோணத்தில் சொரசொரத் தரையும் மின்னும், அப்போது உங்கள் 'முன்' படமே நன்றாக இருந்து தொலைக்கும். நின்ற இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வையுங்கள். தரையில் குறித்தால் மெஷின் தின்றுவிடும்.

கறை போனதைக் காட்டுவதற்கு இந்தப் படம் உதவாது, ஜன்னல் வெளிச்சம் கறையை மறைத்துவிடும். அதற்கு ஜன்னல் உங்கள் முதுகுப்பக்கம் இருக்க, மேலிருந்து கீழாகத் தனி ஜோடி எடுங்கள். ஒரு ஜோடி ஒரு விஷயத்தை மட்டும் சொல்லட்டும்.

ஒட்டும்போது இரண்டு படங்களிலும் அதே டைல்கள் அதே அளவில் வர வேண்டும். பத்தங்குல டைல் என்றால் நான்கு டைல் அகலம் தாராளம், ஹால் முழுவதையும் காட்ட வேண்டியதில்லை. மொசைக்கில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு: ஒரு டைலில் சில்லுகள் விழுந்திருக்கும் மாதிரி இன்னொன்றில் அப்படியே வராது. ஒரு பெரிய கறுப்புச் சில்லோ விரிசலோ இரண்டு படத்திலும் ஒரே உயரத்தில் தெரிந்தால், இது அதே தரைதான் என்று பார்ப்பவரின் கண்ணே சொல்லிவிடும். போனை நிமிர்த்திப் பிடித்துத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால், ஒடுங்கிய இரண்டு நெட்டுத் துண்டுகளாக வெட்டி, முன்னதை இடப்பக்கமும் பின்னதை வலப்பக்கமும் வையுங்கள். நடுவில் மெல்லிய வெள்ளைக்கோடு, மூலையில் 'முன்', 'பின்' என்ற சொற்கள். அம்புக்குறி, நட்சத்திரம், போன் நம்பர் எல்லாம் படத்துக்கு வெளியே. அனுப்பும்போது HD என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் சில்லுகள் குழைந்துவிடும்.

இவ்வளவையும் செய்தாலும், இரண்டு வேறு நாள் படங்கள் என்ற சந்தேகம் ஒருவருக்கு இருக்கத்தான் செய்யும். அதைத் தீர்க்கும் வழி, முன்னையும் பின்னையும் ஒரே படத்துக்குள் கொண்டுவருவது. வெளிச்சம் ஒன்று, கேமரா ஒன்று, நொடி ஒன்று. வாடிகனின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையோவியங்களை 1980களில் சுத்தம் செய்தவர்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில சிறு கட்டங்களைப் புகைக்கரியோடே விட்டுவைத்தார்கள். உங்களுக்கோ அந்தக் கட்டம் வேலையிலேயே கிடைக்கிறது. பெரிய மெஷின் சுவரோரம் வரை போகாது, ஓரத்தைக் கை மெஷினில்தான் முடிப்பீர்கள். ஓரத்தைக் கடைசியில் செய்பவராக இருந்தால், நடுத்தரை முடிந்து ஓரம் பாக்கி நிற்கும் அந்த நேரம்தான் பொன்னான நேரம். எல்லையைச் சட்டத்தின் நடுவில் வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

ஆனால் நியாயமாக எடுங்கள். அரைத்த சேறு ஓரத்தில் படிந்திருக்கும்போது எடுத்தால் அது பழைய அழுக்கைக் காட்டும் படம் ஆகாது. ஓரத்தை வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்துக் காய விடுங்கள். நடுத்தரையும் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் கீறல்களை நிரப்பி எந்தத் தரையையும் மின்ன வைக்கும், விஷயம் தெரிந்தவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். டைலில் கறுத்த திட்டுகள் இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் மறுநாள் காலை எடுங்கள். இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. சுவரோரத்தில் நடமாட்டம் குறைவு, அதனால் தேய்மானமும் குறைவு. நடைபாதைத் தேய்மானம் போனதை ஓரப் படத்தால் காட்ட முடியாது, அதற்குப் பழையபடி தாள் வைத்து எடுத்த ஜோடிதான்.

அப்புறம், அனுப்புவதற்கு முன் தரையைப் பெரிதாக்கி ஒருமுறை பாருங்கள். பாலிஷ் நன்றாக வந்திருந்தால் அதில் வீட்டுக்காரர்களின் முகமும், சில சமயம் கைலியோடு நிற்கும் நீங்களும் தெளிவாகவே தெரிவீர்கள்.