ஒரு சொல்லுக்கு 1 ரூபாய் என்பதிலிருந்து மேலே போவது எப்படி?

கேள்வி: நாலு வருஷமா ஃப்ரீலான்ஸா ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பு பண்றேன். இன்னமும் சொல்லுக்கு 1 ரூபாய்தான் வாங்குறேன். மாசம் 50,000 கையில நிக்கணும். எவ்வளவு கேக்கறது நியாயம்? ரேட் ஏத்தினா ஏஜென்சி வேலை தராம போயிடுமோன்னு பயமா இருக்கு.

பதில்:

முதலில் உங்கள் அடிவிலையைக் கண்டுபிடியுங்கள். அதற்குக் கீழே எந்த வேலையை எடுத்தாலும் நட்டம் என்ற எல்லைதான் அடிவிலை. கையில் நிற்க வேண்டியது 50,000. இணையம், மின்சாரம், மென்பொருள் சந்தா, கணினித் தேய்மானம், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு 8,000 வையுங்கள். நமக்கு பி.எஃப். போடும் முதலாளி கிடையாது; அதற்கும் வரிக்குமாக 7,000. ஆக மாதம் 65,000 வந்தாக வேண்டும்.

இனி நாட்கள். மாதத்தில் 22 வேலை நாள் இருந்தாலும் 22 நாளும் கூலி கிடைக்காது. இன்வாய்ஸ் அனுப்புவது, வராத பணத்துக்கு நினைவூட்டுவது, சம்பளமில்லாத சாம்பிள் டெஸ்ட், காய்ச்சல், வேலையே வராத வாரம் என்று போனதுபோக 17 நாள் மிஞ்சினால் நல்ல மாதம். சொந்தமாக ஒருமுறை திருத்திப் பார்த்து அனுப்புகிறவர் ஒரு நாளைக்குச் சுமார் 2,000 ஆங்கிலச் சொற்கள் செய்யலாம். அப்படியானால் மாதம் 34,000 சொற்கள். 65,000-ஐ அதால் வகுத்தால் சொல்லுக்கு 1 ரூபாய் 91 காசு. இப்போதைய ரேட்டில் 17 நாளும் முழுசாக உழைத்தாலும் மொத்த வரவே 34,000-தான். இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். இது என் உத்தேசக் கணக்கு. உங்கள் செலவையும் வேகத்தையும் போட்டு நீங்களே ஒருமுறை பாருங்கள்.

ரேட்டைத் தொடுவதற்கு முன்னால் எந்தச் சொல்லை எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். 'இன் தி ஹவுஸ்' என்ற மூன்று சொல் நம்மிடம் 'வீட்டில்' என்று ஒன்றாகிவிடும். உரையைப் பொறுத்து மாறினாலும், ஆயிரம் ஆங்கிலச் சொல் தமிழில் எழுநூற்றைம்பது பக்கம் வந்து நிற்பது சகஜம். தமிழ்ச் சொல்லை எண்ணிக் காசு தருகிற இடத்தில் 1 ரூபாய் என்பது உண்மையில் 75 காசு. மூலச் சொல்லுக்கு 1.91 வேண்டுமென்றால் அங்கே இரண்டரை ரூபாய்க்கு மேல் கேட்க வேண்டும். ரேட் பேசும் மின்னஞ்சலிலேயே 'மூல ஆங்கிலச் சொல் எண்ணிக்கைப்படி' என்று எழுதிவிடுவது என் வழக்கம்.

உயர்த்துவதைப் புது வாடிக்கையாளரிடமிருந்து தொடங்குங்கள். உங்கள் பழைய ரேட் அவர்களுக்குத் தெரியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 2.25 சொல்வேன், பேரம் பேசி 2-க்கு வந்தாலும் அடிவிலைக்கு மேலேதான் நிற்போம். அப்படி ஒருவரிடமிருந்தாவது ஒழுங்காக வேலை வரத் தொடங்கிய பிறகு பழைய ஏஜென்சிக்கு எழுதலாம். மாத வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வரும்போது ரேட் பேசப் போனால் குரல் எழும்பாது. அங்கே பயம் நியாயமானதுதான்.

பழையவரிடம் ஒரேயடியாக இரட்டிப்பாகக் கேட்டால் நடக்காது. 1-லிருந்து 1.40 என்று வைத்துக்கொள்வோம். வேலை குறைந்தால் என்ன ஆகும்? இப்போது 34,000 சொல்லுக்கு 34,000 ரூபாய். 1.40-ல் அதே பணத்துக்கு 24,300 சொற்கள் போதும். அதாவது அவர்கள் தரும் வேலையில் கால்வாசிக்கு மேல் போனாலும் வரவு குறையாது. மேற்கொண்டு ஐந்து நாள் கையில் மிஞ்சுகிறது, 2 ரூபாய்க்காரரைத் தேட. அதற்கு மேலும் வேலை போனால்தான் அடி.

கடிதத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். வீட்டு வாடகை ஏறியது, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்பதெல்லாம் ப்ராஜெக்ட் மேனேஜருக்குப் பயன்படாது. அவர் தன் மேலாளரிடம் காட்ட ஒரு வரி வேண்டும், அவ்வளவே. சாரம் இப்படி இருந்தால் போதும்: "ஏப்ரல் 1 முதல் வரும் புதிய பர்ச்சேஸ் ஆர்டர்களுக்கு என் கட்டணம் மூலச் சொல்லுக்கு 1.40 ரூபாய். அதற்கு முன் ஒப்புக்கொண்ட வேலைகள் பழைய கட்டணத்திலேயே முடித்துத் தரப்படும்." ஒரு மாதமாவது முன்கூட்டி அனுப்புங்கள். நடந்துகொண்டிருக்கும் வேலையின் நடுவில் கேட்டால் மிரட்டல் போலத் தெரியும்.

இங்கே ஒரு தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். ரேட்டுக்குச் சரி என்று சொல்லிவிட்டு, தள்ளுபடி அட்டவணையை மாற்றி அனுப்புவார்கள். ட்ராடோஸ், மெமோக்யூ போன்ற மென்பொருள்கள் பழைய மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டு, எத்தனை சொல் புதிது, எத்தனை ஏறக்குறைய ஒத்துப்போவது, எத்தனை அப்படியே திரும்ப வருவது என்று பிரித்துக் காட்டுமே, அந்தந்தப் பிரிவுக்கு ரேட்டில் எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த அட்டவணை. 10,000 சொல் கோப்பில் 6,000 புதிது, 2,000 ஏறக்குறைய ஒத்தது, 2,000 திரும்ப வருவது என்று கொள்வோம். முறையே 100, 60, 25 சதவீதம் தருகிறார்கள் என்றால் காசு கிடைப்பது 7,700 சொல்லுக்கு. உங்கள் 2 ரூபாய் 1.54 ஆகிவிட்டது. பழைய மொழிபெயர்ப்பு நன்றாக இருந்தால் நேரமும் அதே அளவு குறையும். அப்போது இது நியாயமான தள்ளுபடி. பழையது குப்பையாக இருந்தால் திருத்துவதற்கே புதிதாக எழுதும் நேரம் ஆகும். கோப்புக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வைத்தால் இது இரண்டே வேலைகளில் தெரிந்துவிடும். ரேட்டை ஏற்றிய கையோடு அட்டவணையும் மாறினால், இரண்டையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

உள்நாட்டு ஏஜென்சி 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பதை ரேட்டில் ஏற்றாதீர்கள். அது உங்கள் வரிக் கணக்கில்தான் சேர்கிறது. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டலாம்.

அனுபவத்துக்கு விலை வேண்டுமென்றால், சொல் கணக்கில் மட்டும் அது முழுசாகக் கிடைக்காது. அனுபவம் காசாகும் இடம், தப்பு நடந்தால் பெரிய செலவாகிற ஆவணங்கள்தான். மருந்து ஆய்வுகளில் நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: தமிழாக்கியதை வேறொருவர் மறுபடி ஆங்கிலமாக்கி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் நீங்கள் விளக்கம் தர வேண்டும். அந்த விளக்க வேலைக்கு மணிக்கு இவ்வளவு என்று ரேட் பேசுங்கள். நாளைக்கு 8 மணி நேரத்தில் 2,000 சொல் என்றால் மணிக்கு 250, 1.91 வீதம் சுமார் 480 ரூபாய். மணி ரேட்டை 500-க்குக் கீழே இறக்க வேண்டாம்.

அடுத்தவர் மொழிபெயர்ப்பைத் திருத்தும் வேலைக்கும் இதே அளவுகோல்தான். சொல்லுக்கு 25 காசு என்பார்கள். நல்ல பிரதி என்றால் மணிக்கு ஆயிரம் சொல் ஓடும், அப்போதே 250 ரூபாய்தான். மோசமான பிரதியில் மணிக்கு 300 சொல் நகர்ந்தால் 75 ரூபாய். நடுவிலிருந்து ஓர் ஐந்நூறு சொல்லை அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்துவிட்டு மணி ரேட்டில் விலை சொல்லுங்கள். சாம்பிள் தர மறுப்பவரின் கோப்பை நான் எடுப்பதில்லை.