ஆறு சதவீதம், இரண்டு தடவை

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரு திட்டம் லாபம் என்று ஒப்புதல்வரை போனது. பிறகு, பணவீக்கத்தை இரண்டு தடவை சேர்த்துவிட்டார்கள் என்று நிறுத்திவிட்டார்கள். வருமானத்தோடு செலவையும்தானே ஏற்றியிருக்கிறார்கள், அப்புறம் லாபம் மட்டும் எப்படிக் கூடும்? கணக்குப் பிரிவுக்கு நான் புதிது. முடிந்தால் ஒரு கதையாகச் சொல்லுங்களேன்.

பதில்: கதையாகவே சொல்கிறேன். எண்களை மட்டும் சிறிதாக்கியிருக்கிறேன். பின்னால் பூஜ்யங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவள் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் எழுத்தர். புதிய இயந்திரம் வாங்கும் கோப்பு அவளிடம் வந்தது முடிவு சொல்வதற்காக இல்லை. இயக்குநர்கள் பார்க்கும் முன் கூட்டல் சரியா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இயந்திரத்தின் விலை 1,100. ஐந்து வருடம் ஓடும், வருடத்துக்கு 100 பொருள் செய்யும், கடைசியில் விற்றால் எதுவும் கிடைக்காது. பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் 12 சதவீதம், பணவீக்கம் 6 சதவீதம். அடியில் நிகர நிகழ்கால மதிப்பு 162 என்று இருந்தது. போட்ட பணத்துக்கு வருடம் 12 சதவீதம் கிடைத்த பிறகும், இன்றைய மதிப்பில் 162 மிஞ்சும் என்று அர்த்தம்.

கூட்டலில் பிழை இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மொத்த விற்பனையைக் கண்டால் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பாள். (கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது இருந்தால் நல்லது.) முதல் வருட விற்பனை 1,124, 100 பொருளுக்கு வகுத்தால் ஒன்றின் விலை 11.24. இன்றைய விலை 10 என்பது அவளுக்குத் தெரியும். 6 சதவீதம் ஏறினால் 10.60தானே வர வேண்டும்? ஐந்தாம் வருடத்தைப் பார்த்தாள். 13.38 இருக்க வேண்டிய இடத்தில் 17.91 இருந்தது. ஒவ்வொரு வருட விலையையும் முந்தைய வருட விலையால் வகுத்தாள். எல்லா வருடமும் ஒரே விடை: 1.1236. கால்குலேட்டரில் 1.06-ஐ 1.06-ஆல் பெருக்கினாள். அதுவும் 1.1236.

விற்பனைப் பிரிவுக்குப் போன் செய்து, “சார், நீங்கள் கொடுத்த விலையெல்லாம் இன்றைய விலையா, அந்தந்த வருட விலையா?” என்று கேட்டாள்.

“அந்தந்த வருட விலைதான்மா. ஆறு சதவீதம் ஏற்றித்தான் கொடுத்தோம்.”

உற்பத்திப் பிரிவும் செலவுக்கு அதையே சொன்னது. ஆனால் அவர்கள் அனுப்பிய தாள்களில் தலைப்பு வெறும் “விலை”, “செலவு” என்றுதான் இருந்தது. திட்டக் கணக்கைப் போட்டவர் அவை இன்றைய விலை என்று எடுத்துக்கொண்டு, விரிதாளின் ஒவ்வொரு கட்டத்திலும் இந்தச் சூத்திரத்தை இழுத்துவிட்டிருந்தார்:

```
=C8*(1+$B$2)^C$4
```

B2-இல் பணவீக்கம், நாலாம் வரிசையில் வருட எண். சூத்திரத்தில் தவறே இல்லை. அதற்குள் போன எண்தான் ஏற்கெனவே வீங்கியிருந்தது.

மேலாளரிடம் சொன்னபோது அவர் உங்களைப் போலவேதான் கேட்டார். “செலவையும்தானேம்மா ரெண்டு தடவை ஏத்தியிருக்கு? ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிடாதா?”

அவள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். இன்றைய விலையில் வருட விற்பனை 1,000, செலவு 750, மிச்சம் 250. இரண்டையும் ஒரே விகிதத்தில் ஏற்றினால், நடுவில் இருக்கும் 250-ம் அதே விகிதத்தில் ஏறும். ஒரு தடவை ஏற்றினால் ஐந்தாம் வருட மிச்சம் 335. இரண்டு தடவை ஏற்றினால் 448. லாப விழுக்காடு இரண்டிலும் 25-தான். அதனால்தான் விழுக்காட்டை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படுவதே இல்லை. ஆனால் இயந்திரத்துக்கு இன்றைக்குக் கொடுக்கும் 1,100-ஐ யாரும் ஏற்றவில்லை. அது அப்படியே நிற்க, எதிரே வரும் பணம் மட்டும் பெருத்துவிட்டது.

அப்புறம் அவள் காட்டியது, தள்ளுபடி செய்த பிறகு வரும் வரிசையை. பழைய கணக்கில் முதல் வருடப் பணத்தின் இன்றைய மதிப்பு 251, ஐந்தாம் வருடத்தினுடையது 254. வருடம் போகப் போக மதிப்பு கூடுகிறது! வளர்ச்சியே இல்லாத திட்டம் இது, வருடா வருடம் அதே 100 பொருள்தான். அப்படியென்றால் தள்ளிப் போகிற பணத்தின் மதிப்பு குறைந்துகொண்டே வர வேண்டும். 12.36 சதவீதம் ஏற்றி 12 சதவீதம் தள்ளினால் எப்படிக் குறையும்? ஒரு தடவை மட்டும் ஏற்றிய கணக்கில் இதே வரிசை 237-இல் தொடங்கி 190-இல் முடிந்தது. மொத்தம் 1,063. இயந்திரத்தின் 1,100-ஐக் கழித்தால் 37 நஷ்டம்.

மேலாளர் விடவில்லை. “தள்ளுபடி விகிதத்துல பணவீக்கம் இருக்குன்னுதானே வரவையும் ஏத்தறோம்?” அது சரிதான். 12 சதவீதம் என்பது பணவீக்கத்தையும் உள்ளடக்கிய விகிதம், ஆகவே வரவும் செலவும் அந்தந்த வருட விலையில் இருக்க வேண்டும். ஆனால் அதற்கு ஒரு தடவை ஏற்றினால் போதும். அவர் முழுதாக நம்ப, அவள் வேறு வழியிலும் போட்டுக் காட்டினாள். எதையும் ஏற்றாமல் ஐந்து வருடமும் 250 என்றே வைத்துக்கொண்டு, விகிதத்திலிருந்து பணவீக்கத்தை எடுத்துவிட்டாள். 1.12-ஐ 1.06-ஆல் வகுத்தால் 1.0566, அதாவது 5.66 சதவீதம். அதிலும் 37 நஷ்டம்தான் வந்தது. நீங்களும் செய்து பாருங்கள். ஆனால் அவசரத்தில் 12-இல் 6 போனால் 6 என்று போட்டுவிடாதீர்கள். அப்போது நஷ்டம் 47 என்று வரும், எந்த வழி தப்பு என்று வீணாகக் குழம்புவீர்கள்.

இதே தவறு இன்னொரு வேஷத்திலும் வரும். வரவை ஒரு தடவைதான் ஏற்றியிருப்பார்கள், ஆனால் தள்ளுபடிக்கு 5.66-ஐப் பயன்படுத்தியிருப்பார்கள். இந்தத் திட்டத்தில் அப்படிச் செய்தாலும் விடை அச்சு அசலாக 162-தான். பணவீக்கத்தை மேலே ஒரு தடவை கூட்டி, கீழே ஒரு தடவை கழிக்கிறோம் அல்லவா, பலன் ஒன்றுதான். உங்கள் அலுவலகத்தில் நடந்தது எது என்று கடிதத்தில் இல்லை. பொருள் ஒன்றின் விலையைப் பார்த்தால் தெரிந்துவிடும். அது வருடத்துக்கு 6 சதவீதமே ஏறியிருந்தால் விகிதத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நிஜக் கோப்பு இவ்வளவு சுத்தமாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூலி ஒரு விகிதத்தில் ஏறும், மூலப்பொருள் இன்னொரு விகிதத்தில். ஒப்பந்தத்தில் விலையை நிர்ணயித்துவிட்டால் அது ஏறவே ஏறாது. தேய்மானத்தால் மிச்சமாகும் வரியும் பொதுவாக வாங்கிய விலையை வைத்தே வரும், பணவீக்கத்தோடு ஏறாது. ஆகவே எல்லா வரிசைக்கும் ஒரே சூத்திரத்தை இழுத்திருப்பதைப் பார்த்தாலே கொஞ்சம் நின்று கேளுங்கள்.

மேலாளர் கோப்பைத் தூக்கிப் போடவில்லை. “எவ்வளவு இருந்தா தேறும்?” என்று மட்டும் கேட்டார். இன்றைய விலையில் பொருள் ஒன்றை 10.09-க்கு விற்க முடிந்தால் போதும், இல்லையென்றால் இயந்திரம் 1,063-க்குள் கிடைக்க வேண்டும் என்றாள். விலையை ஏற்ற விற்பனைப் பிரிவு சம்மதிக்கவில்லை. இயந்திரம் விற்பவரிடம் பேரம் பேசக் கொள்முதல் பிரிவுக்கு எழுதிவிட்டு, இரண்டு தாள்களின் தலைப்பிலும் “அந்தந்த வருட விலை” என்று மேலாளரே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.