2025 செப்டம்பருக்கு எத்தனை பெட்டி? சேலம் விநியோகஸ்தர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

செவ்வாய்ப்பேட்டை, சமையல் எண்ணெய் விநியோகஸ்தர்: ஐயா, ஒரு லிட்டர் பாக்கெட் ஜூனில் 450 பெட்டி, ஜூலையில் 330, ஆகஸ்டில் 460 போயிருக்கிறது. மூன்று மாதச் சராசரி 413. செப்டம்பருக்கு அதையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அந்த 330தான் உறுத்துகிறது. இருப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஜூலை 23 முதல் மாதக் கடைசி வரை உங்கள் கிடங்கில் ஒரு பெட்டிகூட இல்லை என்று எழுதி அனுப்பினீர்கள். அப்படியானால் 330 என்பது நீங்கள் கொடுத்த சரக்கு. கடைகள் கேட்ட சரக்கு அதைவிட அதிகம். சராசரிக்குள் போக வேண்டியது கேட்ட அளவு.

அதைக் கண்டுபிடிக்க ஜூன் பில்களைப் பாருங்கள். அந்த மாதம் 22ஆம் தேதிக்குள் 338 பெட்டி போயிருக்கிறது; மொத்தமான 450இல் அது முக்கால் பங்கு. ஜூலையிலும் அதே தேதிக்குள் போனது முக்கால் பங்குதான் என்று கொண்டால், 330ஐ 0.75ஆல் வகுக்க 440 வருகிறது. சரக்கு இருந்திருந்தால் ஜூலையில் ஏறத்தாழ இவ்வளவு போயிருக்கும்.

ஆகஸ்டையும் தொட வேண்டும். முதல் வாரத்தில் வழக்கமாக 110 பெட்டி போகும் உங்களுக்கு இந்த முறை 150 போயிருக்கிறது. கூடுதலான 40 ஜூலையில் கிடைக்காமல் காத்திருந்த கடைகளுடையது. அதைக் கழித்தால் ஆகஸ்டின் சொந்தக் கணக்கு 420. இப்போது 450, 440, 420 மூன்றின் சராசரி 437.

வித்தியாசம் 24 பெட்டிதான். ஆனால் திருத்தாமல் விட்டால் அது வளரும். சரக்கு தீர்ந்ததால் சராசரி குறையும்; சராசரி குறைந்ததால் குறைவாக வாங்குவீர்கள்; மறுபடி தீரும். உங்கள் கணக்கிலேயே ஜூலையில் குறைந்த 110 பெட்டியில் 40தான் திரும்பி வந்தது. மீதி 70ஐக் கடைக்காரர்கள் வேறு ஒருவரிடம் வாங்கிவிட்டார்கள்.

அம்மாப்பேட்டை, சோப்பு விநியோகஸ்தர்: இவ்வளவு சுற்றுவானேன்? ஜூலையில் அவரிடம் சரக்கு இருந்தது 19 வேலை நாள். 330ஐ 19ஆல் வகுத்து, மாதத்தின் 27 வேலை நாளால் பெருக்கினால் முடிந்தது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

சரக்கு இல்லாத நாளை நீக்க வேண்டும் என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். பாதிப் பேர் அதைக்கூடச் செய்வதில்லை. ஆனால் உங்கள் வழியில் 469 வரும், அது அதிகம். சம்பளம் கைக்கு வரும் முதல் பத்து நாளில் மளிகைக் கடைகள் வேகமாக எடுக்கும், கடைசி வாரத்தில் கை இறுகும். இங்கே சரக்கு தீர்ந்தது அந்த மந்தமான வாரத்தில். வேகமான நாட்களின் விற்பனையை மந்தமான நாட்களுக்கும் நீட்டினால் கணக்கு உப்பிவிடும். மாதம் முழுவதும் ஒரே சீராகப் போகும் சரக்காக இருந்தால் உங்கள் வழியே போதும்.

சூரமங்கலம்: எக்செலில் சராசரி போட்டால் ஒரு பொருளுக்கு மட்டும் மிகவும் குறைவாக வருகிறது. சூத்திரம் சரிதான்.

```
=AVERAGE(B5:B7)
```

இந்தச் சூத்திரம் காலிக் கட்டத்தை விட்டுவிடும், 0 இருந்தால் அதையும் ஒரு மாதமாக எண்ணும். கம்பெனியிலிருந்து சரக்கே வராத மாதத்துக்கு 0 போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். சரக்கு இருந்தும் விற்காத மாதத்துக்குத்தான் 0 போட வேண்டும்.

ஆத்தூர்: மூன்று மாதத்தைவிட ஆறு மாதச் சராசரிதானே நம்பகமானது? அதிகத் தகவல் இருக்கிறதே.

விற்பனை ஏறாமல் இறங்காமல், சும்மா முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தால் ஆறு மாதம் நல்லது. ஆட்டத்தைச் சமன் செய்யும். ஒரு திசையில் நகரும் பொருளுக்கு அது பின்தங்கும். மாதம் 10 பெட்டி கூடிக்கொண்டே போகும் பொருளுக்கு மூன்று மாதச் சராசரி அடுத்த மாதத் தேவையைவிட 20 பெட்டி குறைவாகச் சொல்லும், ஆறு மாதச் சராசரி 35 குறைவாகச் சொல்லும். இறங்குமுகத்தில் இதே அளவு அதிகமாகச் சொல்லும். ஒரு தேங்காய் எண்ணெய் வகையில் நான் அப்படி மாட்டியிருக்கிறேன். கடைகள் வேறு வகைக்கு மாறிக்கொண்டிருந்தபோது ஆறு மாதச் சராசரியை நம்பி வாங்கினேன். காலாவதித் தேதி நெருங்கும்வரை கிடங்கின் பின்சுவர் ஓரமாக அந்தப் பெட்டிகள் அடுக்கியபடியே நின்றன.

எது பொருந்தும் என்பதை உங்கள் பழைய பில்களே சொல்லும். கடந்த ஆறு மாதங்களில் ஒவ்வொன்றுக்கும், அதற்கு முந்தைய மாதங்களை மட்டும் வைத்து இரண்டு வழியிலும் கணித்துப் பாருங்கள். உண்மையில் போனதிலிருந்து எத்தனை பெட்டி தவறியது என்று கூட்டல் கழித்தல் குறி பார்க்காமல் எழுதிச் சராசரி எடுங்கள். குறைவாகத் தவறுவதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குறியையும் பாருங்கள். எல்லாத் தவறும் ஒரே பக்கமாக இருந்தால் விற்பனை நகர்ந்துகொண்டிருக்கிறது, சராசரி அதன் பின்னால் ஓடுகிறது என்று பொருள்.

ஏற்காடு, பிஸ்கட், தண்ணீர் பாட்டில்: எனக்கும் சரக்கு தீரும் பிரச்சினைதான் ஐயா. ஏப்ரல் 700, மே 900, ஜூன் 400. சராசரிப்படி ஜூலைக்கு 667 பெட்டி ஏற்றினேன். பாதிகூடப் போகவில்லை.

உங்களுடையது சரக்கு தீர்ந்த பிரச்சினை அல்ல, தேங்கிய பிரச்சினை. கோடை விடுமுறைக் கூட்டமும் மே மாதக் கோடை விழாவும் முடிந்த பிறகு அந்த 900ஐ ஜூலைக்குச் சுமக்க வைத்தது சராசரி. சீசன் உள்ள ஊரில் பக்கத்து மாதங்களைவிடச் சென்ற ஆண்டின் அதே மாதம் நல்ல வழிகாட்டி. சென்ற ஆண்டு அந்த மூன்று மாதமும் சேர்ந்து 1,800, ஜூலை 330 என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஆண்டு அதே மூன்று மாதம் 2,000. அதே விகிதத்தில் 330ஐ உயர்த்தினால் 367. நீங்கள் ஏற்றியதில் 300 பெட்டி அதிகம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிய சரக்கைத் திரும்ப இறக்குவதற்கும் வாடகை உண்டு.

செவ்வாய்ப்பேட்டை (மீண்டும்): அப்படியானால் நானும் சென்ற ஆண்டு செப்டம்பரையே பார்க்கலாமே?

உங்களுக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, இந்த ஆண்டு, அதாவது 2025இல், அக்டோபர் 20. கடைகள் மூன்று வாரம் முன்பே எண்ணெய் அடுக்கத் தொடங்கும் என்றால், சென்ற ஆண்டு அது அக்டோபர் 10இல் தொடங்கியது. இந்த ஆண்டு செப்டம்பர் 29லேயே தொடங்கிவிடும். ஆயுத பூஜையும் சேர்ந்தே முன்னால் வந்திருக்கிறது. ஆகவே சென்ற ஆண்டு அக்டோபர் 10, 11 தேதிகளின் பில்களைத் தேடி, வழக்கமான இரண்டு நாளைவிட எத்தனை பெட்டி கூடுதலாகப் போனது என்று எண்ணி, அதை 437உடன் சேருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை (மீண்டும்): லைன் போகும் தம்பி 500 என்கிறான். ஆகஸ்ட் கடைசியில் கம்பெனி ஸ்கீம் வேறு ஓடியது.

ஸ்கீம் ஓடியதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் போனதில் எவ்வளவு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனது, எவ்வளவு கடை அலமாரியிலேயே நிற்கிறது என்பது உங்கள் பில்லில் தெரியாது. அலமாரியில் நிற்பது செப்டம்பர் கொள்முதலைக் குறைக்கும். எவ்வளவு குறைக்கும் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. தம்பி 500 என்று சொன்னதற்குக் காரணம் கேளுங்கள். புதுக் கடைகள் பிடித்திருந்தால் அவன் சொல்வதில் விஷயம் உண்டு. நாளைக்கே லைனில் பெரிய பத்துக் கடைகளில் எத்தனை பெட்டி மீதி இருக்கிறது என்று எண்ணி வரச் சொல்லுங்கள். அதுவரை மாதம் முழுமைக்கும் ஆர்டர் போடாமல், கையிருப்பைக் கழித்துக்கொண்டு முதல் பதினைந்து நாளுக்கு மட்டும் போடுங்கள்.