2^x-க்கும் π²-க்கும் அடுக்கு விதி ஏன் செல்லாது?

> y = 2^x + π²-ஐ வகையிட்டு x·2^(x−1) + 2π என்று எழுதினேன். எங்கே தவறு?

விடை 2^x · ln 2 மட்டும்தான். π² என்பது சுமார் 9.87 வரும் வெறும் எண். அதன் வகைக்கெழு 0.

அடுக்கைப் பார்த்ததும் கை தானாக அதைக் கீழே இறக்கிவிடுகிறது, அதுதான் சிக்கல். x² போல மாறி அடியிலும் எண் அடுக்கிலும் இருந்தால்தான் அந்த விதி செல்லும். 2^x-இல் x மேலே உட்கார்ந்திருக்கிறது.

சந்தேகமா? கால்குலேட்டரில் 2^0.01 போடுங்கள், 1.00696 வரும். x = 0-இல் மதிப்பு 1. வித்தியாசத்தை 0.01-ஆல் வகுத்தால் சாய்வு சுமார் 0.696; ln 2 = 0.693. உங்கள் x·2^(x−1) அங்கே 0 தருகிறது!

அப்புறம், x^x வந்தால் அடுக்கு விதியும் 2^x-க்கான விதியும் தனியாக உதவாது. முதலில் இருபுறமும் மடக்கை எடுங்கள்.