விளாச்சேரி பொம்மைகளும் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சலும்

அன்புள்ள ஐயா,

என் புகுந்த வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொலு பொம்மை செய்கிறோம். ஊர் விளாச்சேரி. எங்கள் தொழிலைப் பற்றி ஒரு கட்டுரை வரவேண்டும் என்று ஒரு நாளிதழின் மதுரைப் பதிப்புக்குச் சென்ற ஆண்டு நவராத்திரி தொடங்கிய வாரத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடியும் அனுப்பினேன், அதற்கும் இல்லை. அந்த மின்னஞ்சலை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் என்ன குறை, இந்த ஆண்டு எப்படி எழுதலாம் என்று சொல்வீர்களா?

ஒரு வாசகி, விளாச்சேரி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மின்னஞ்சலை முழுவதும் படித்தேன். தமிழ் நன்றாக இருக்கிறது. குறை அதில் இல்லை. முதல் நான்கு பத்திகளிலும் குடும்பத்தின் தொன்மை, கலையின் பெருமை, அது அழிந்துவருகிறதே என்ற வருத்தம் ஆகியவற்றையே எழுதியிருக்கிறீர்கள். மதுரைப் பதிப்பின் செய்தி ஆசிரியருக்கு விளாச்சேரி புதிய ஊர் அன்று. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் பொம்மை செய்யும் ஊர் இருப்பதையும், ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, மார்கழியில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் என்று அங்கே வேலை நடப்பதையும் அவர் அறிவார். புரட்டாசி பிறந்தால் அதைப் பற்றி ஒரு படமாவது அவர் பக்கத்தில் வந்துவிடும். ஆகவே அவர் தேடுவது, சென்ற ஆண்டு அச்சிட்டதில் இல்லாத ஒன்றை.

அப்படி ஒன்று உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறது. கடைசிக்கு முந்தைய பத்தியில், போகிறபோக்கில், வெளியூருக்குக் கூரியரில் போன பொம்மைகளில் கை ஒடிந்தவையே அதிகம் என்பதால் மாமனார் சில அச்சுகளை மாற்றிவிட்டார் என்று ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிட்டீர்கள். கட்டுரை அந்த வரிதான். குழலூதும் கிருஷ்ணனுக்கு உடம்பை விட்டு விலகி நீண்டிருந்த முழங்கைகளை மார்போடு ஒட்டவைக்க வேண்டும். அப்போதும் அது கிருஷ்ணனாகத் தெரிய வேண்டும். உருவத்தையும் சிறிதாக்க வேண்டும். மண் காயும்போதும் சுருங்கும், சூளையில் வேகும்போதும் சுருங்கும். ஆகவே சுட்ட பொம்மையிலிருந்தே புது அச்செடுத்தால் அடுத்து வருவது ஒரு சுற்றுச் சிறுத்துப்போகும், மூக்கும் விரலும் மழுங்கும். உங்கள் மாமனார் அப்படி அச்செடுத்தாரா, மூல உருவத்தையே புதிதாக வனைந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. நிருபர் வந்தால் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதிய விவரங்களை வைத்தே ஒரு வரைவு தருகிறேன். விடுபட்டவற்றை நீங்கள் நிரப்புங்கள்.

பொருள்: கட்டுரை யோசனை – கூரியருக்காக மாறிய கொலு பொம்மை அச்சுகள், விளாச்சேரி (நவராத்திரிக்கு முன்)

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வெளியூர் வாங்குவோருக்குக் கூரியரில் அனுப்பிய பொம்மைகள் கையிலும் கழுத்திலும் ஒடிந்து திரும்பியதால், விளாச்சேரியில் எங்கள் குடும்பம் பழைய அச்சுகள் சிலவற்றை மாற்றியிருக்கிறது. கைகள் உடம்போடு ஒட்டியும் உருவம் சிறுத்தும் வருகின்றன. இதனால் உடைவது குறைந்தது. ஆனால் உள்ளூரில் பழைய பெரிய உருவத்தையே கேட்பவர்களும் இருக்கிறார்கள். பழைய அச்சும் புதிய அச்சும் வீட்டில் உள்ளன, இரண்டையும் படமெடுக்கலாம். கூரியர் ரசீதுகளும் உடைந்தவற்றைக் குறித்த நோட்டும் இருக்கின்றன. ஆடி முடியும்வரை அச்சில் மண் அழுத்துவதையும் சூளையையும் நேரில் பார்க்கலாம். ஆவணியில் வண்ணவேலை மட்டுமே நடக்கும். நான் இந்தக் குடும்பத்தின் மருமகள், விற்பனைக் கணக்கைப் பார்ப்பவள். தங்கள் நிருபர் வருவதானால் அச்சு செய்யும் என் மாமனாரும், பழைய முறையிலேயே செய்யும் இன்னொரு குடும்பத்தினரும் பேசச் சம்மதித்துள்ளனர்."

இதன் கீழே பெயரும் கைப்பேசி எண்ணும் போதும். முதல் வாக்கியத்திலேயே என்ன நடந்தது என்பது வந்துவிட வேண்டும், ஏனென்றால் பலர் கைப்பேசியில் அந்த அளவுக்கு மேல் படிப்பதில்லை.

இன்னொரு குடும்பத்தைச் சேர்த்திருப்பதைப் பார்த்து நீங்கள் தயங்கலாம். ஆனால் ஒரே வீட்டைப் பற்றி, அந்த வீட்டார் சொன்னதை மட்டும் வைத்து எழுதினால் அது விளம்பரமாகிவிடும் என்று ஆசிரியர் அஞ்சுவார். அந்த அச்சம் நியாயமானது. அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் பெற்ற பிறகே அந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மின்னஞ்சலில் "விளாச்சேரியிலேயே முதன்முறையாக" என்றும் எழுதியிருந்தீர்கள். அதை எடுத்துவிடுங்கள். அது அச்சில் வந்தால் மறுநாள் காலையிலேயே பக்கத்துத் தெருவிலிருந்து பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசி போகும், அதன் பிறகு உங்கள் பெயரில் வரும் எதையும் அவர்கள் நம்பமாட்டார்கள். மருமகள் என்பதை வெளிப்படையாகச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். பிறகு தெரியவந்தால் நீங்கள் மறைத்ததாக ஆகும்.

நீங்கள் பெரிதும் இழந்தது காலத்தில். நவராத்திரி தொடங்கிய வாரத்தில் இணைப்பிதழின் பக்கங்கள் முடிவாகியிருக்கும். இந்தக் கட்டுரைக்கு உயிரான படங்களும் அப்போது கிடைக்காது, சூளை ஆறியிருக்கும், பொம்மைகள் கடைக்குப் போயிருக்கும். ஆடி முதல் வாரத்தில் அனுப்பினால் நிருபர் வந்து பார்க்கவும், எழுதியது தன் முறைக்குக் காத்திருக்கவும் இடமிருக்கும். அனுப்புவதற்கு முன் முற்பகலில் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, மாவட்டக் கட்டுரைகளையோ இணைப்பிதழையோ யார் பார்க்கிறார்கள் என்று கேட்டு அவருடைய முகவரிக்கே அனுப்புங்கள். மாலையில் அழைக்காதீர்கள், பக்கம் முடிக்கும் நேரம் அது. ஒரு வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும்வரை, அல்லது நீங்களே திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதும்வரை, அதே யோசனையை இன்னொரு நாளிதழுக்கு அனுப்பாதீர்கள். இடையில் விளம்பரப் பிரிவிலிருந்து யாராவது அழைத்தால் அது வேறு கணக்கு. கட்டுரையையும் அதையும் ஒரே பேச்சில் கலக்க வேண்டாம்.

நீங்கள் இணைத்த படங்கள் எல்லாம் முடிந்த பொம்மைகளை வரிசையாக வைத்து எடுத்தவை. அவற்றின் மேல் கடையின் பெயரும் எண்ணும் பொறித்திருக்கின்றன. அச்சில் அவற்றைப் பயன்படுத்த முடியாது. இரண்டு படம் போதும்: பழைய அச்சில் வந்த கிருஷ்ணனும் புதிய அச்சில் வந்தவனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது ஒன்று, மாமனார் அச்சைப் பிரித்து ஈரப் பொம்மையை வெளியே எடுப்பது இன்னொன்று. வாட்ஸ்அப்பில் வந்து சுருங்கிய படத்தை அனுப்பாமல், கைப்பேசியில் எடுத்த மூலக் கோப்பையே இணையுங்கள். படத்தில் இருப்பவர் யார், என்ன செய்கிறார் என்று ஒரு வரி சேர்த்து, வண்ணம் தீட்டும் பெண்கள் படத்தில் இருந்தால் அவர்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள். கடிதத்தை மின்னஞ்சலின் உடலிலேயே யூனிகோடில் தட்டெழுதுங்கள். சென்ற முறை போல் பழைய எழுத்துருவில் அடித்துக் கோப்பாக இணைத்தால் அங்கே புரியாத குறிகளாகத் தெரியக்கூடும்.

நவராத்திரிக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் இதே யோசனையை ஐப்பசிக் கடைசியில் குடில் பொம்மைகளுக்காகத் திருத்தி அனுப்பலாம். மண்டியிட்டுக் கைகூப்பிய மரியாள், படுத்திருக்கும் ஆடு என்று அந்த வரிசையில் பல உருவங்களுக்குக் கைகால் வெளியே நீளுவதில்லை. கூரியரில் அவை எப்படித் தாங்குகின்றன என்பதை உங்கள் நோட்டிலிருந்து எடுத்து முதல் பத்தியில் வையுங்கள்.