ஓணத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கேள்வி: செங்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பாதி வாடிக்கையாளர்கள் ஆரியங்காவு, தென்மலைக்காரர்கள். இந்த ஓணத்துக்கு நிறைய ஜாக்கெட்டுகளைச் சொன்ன நாளில் கொடுக்க முடியவில்லை. புனலூரில் இருக்கும் அம்மாவைப் போய்ப் பார்க்கவும் நேரம் அமையவில்லை. செவ்வாய்க்கிழமை லீவு நாளிலும் தைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் தீர்மானம் எழுதுகிறேன், பொங்கலுக்குள் மறந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இந்த முறை தீர்மானம் எழுத வேண்டாம். ஒரு மதியம் கடையைச் சாத்திவிட்டு ஆர்டர் நோட்டையும் 2025 சுவர்க் காலண்டரையும் எடுத்து வைத்து உட்காருங்கள். மார்கழி ஆரம்பம் இதற்குத் தோதான நேரம். முகூர்த்தம் கிடையாது, கல்யாண ஜாக்கெட் வராது. நோட்டு எதற்கு என்றால், நினைவை நம்பி வருடத்தைத் திரும்பிப் பார்த்தால் தீபாவளி அலைச்சல் மட்டும்தான் கண்முன் நிற்கும். ஜூனில் பள்ளிச் சீருடைக்காக எத்தனை இரவு கண்விழித்தீர்கள் என்பது மறந்தே போயிருக்கும்.

நோட்டில் ஒவ்வொரு ஆர்டருக்கும் மூன்று தேதிகளைப் பாருங்கள்: வாங்கியது, தருவதாகச் சொன்னது, உண்மையில் கொடுத்தது. தாமதமானவற்றைச் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டே போங்கள். சிவப்பு எந்த வாரங்களில் குவிகிறதோ அங்கேதான் உங்களுக்குப் பாடம் இருக்கிறது.

'ஓணத்துக்கு வேலை அதிகமாகிவிட்டது' என்று எழுதினால் அது வெறும் புலம்பல். காரணம் தெரிகிற மாதிரி எழுத வேண்டும்: 'கையில் எத்தனை பாக்கி இருக்கிறது என்று எண்ணாமல், கடைசிப் பத்து நாளில் வந்ததையெல்லாம் வாங்கிப் போட்டேன்.' இப்படி எழுதிவிட்டால் அடுத்த முறை எதை மாற்றுவது என்பது தானே தெரிந்துவிடும். தெரியவில்லையா, இன்னும் காரணத்தைத் தொடவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது வருடத்துக்கான கரு, அதாவது வருடம் முழுக்கப் பிடித்துக்கொள்கிற வாசகம். இரண்டு போதும், ஐந்தாறு வைத்தவர்கள் சித்திரை வரை தாங்கி நான் பார்த்ததில்லை. உங்களுக்கு 'எண்ணிவிட்டு வாங்கு', 'செவ்வாய் என்னுடையது' என்று வைக்கலாம். ஒரு கரு உருப்படியானதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: அதை வைத்து எதையாவது மறுக்க முடிய வேண்டும். 'நன்றாக உழைப்பேன்' என்பதை வைத்து எந்த ஆர்டரையும் திருப்பி அனுப்ப முடியாது.

இனி காலண்டர். உங்கள் ஊரில் இரண்டு மாநிலத்துப் பண்டிகையும் பார்த்தாக வேண்டும். 2025-ல் திருவோணம் செப்டம்பர் 5, 2026-ல் ஆகஸ்ட் 26. பத்து நாள் முன்னால் வருகிறது. 'ஆகஸ்ட் கடைசியில் ஆர்டரை நிறுத்துவேன்' என்று எழுதி வைத்திருந்தால் அதற்குள் ஓணமே முடிந்திருக்கும். அதனால் ஆங்கிலத் தேதியைப் பிடிக்காமல் திருவோணத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பத்து நாள் முன்னால், ஆகஸ்ட் 16, கணக்குப் பார்க்கும் நாள். மலையாளத்துக்காரர்கள் அத்தப் பூக்களம் போட ஆரம்பிக்கிற சமயம் அதுதான், மறக்கவே மறக்காது.

நாளைக்கு மூன்று லைனிங் ஜாக்கெட் என்று வைத்துக்கொள்வோம் (சரியான எண்ணை உங்கள் நோட்டு சொல்லும்). பத்து நாளில் இரண்டைக் கொக்கி, ஹெம்மிங், அளவு சரிபார்ப்புக்கு விட்டால் எட்டு நாள், 24 ஜாக்கெட். அன்று கையில் 24 இருந்தால் புது ஓண ஆர்டர் கிடையாது. 18 இருந்தால் இன்னும் ஆறு வாங்கலாம். முப்பது நாள் முன்னால், ஜூலை 27 அன்று, பழைய வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு 'செட்டுமுண்டு ஜாக்கெட்டை இப்பவே குடுத்துடுங்க' என்று சொல்லிவிடுங்கள். இந்தப் போன் இல்லாவிட்டால், கணக்குப் பார்க்கிற அன்று பாதிப் பேரைக் கோபித்துக்கொள்ள வைப்பீர்கள். நவம்பர் 8 தீபாவளிக்கும் இதே கணக்குதான்.

அம்மாவுக்கு, மாதத்தின் முதல் செவ்வாய். 'மாதம் ஒருமுறை' என்று மட்டும் வைத்தால் அது எப்போதும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். தவறினால் அதற்கடுத்த செவ்வாய், அதோடு சரி, அதற்கு மேல் தள்ளக் கூடாது. நவம்பரில் முதல் செவ்வாய் 3-ஆம் தேதி, தீபாவளிக்கு ஐந்து நாள்தான் இருக்கும். அதை இப்போதே 10-க்கு மாற்றி எழுதிவிடுங்கள். ஆகஸ்டில் செவ்வாய் வேண்டாம். திருவோணத்தன்று அம்மா வீட்டில் சாப்பிடுங்கள். அன்று காலை வரை ஜாக்கெட் வாங்க யாராவது கடை வாசலில் நின்றால் எண்ணிக்கையில் எங்கோ பிசகியிருக்கிறது. அடுத்த மார்கழியில் முதலில் அந்த வாரத்தைப் புரட்டுங்கள்.

எல்லாவற்றையும் போனில் ஏற்றாமல், இந்தத் தேதிகளை மட்டும் கடையில் தொங்கும் புதுக் காலண்டரில் கட்டம் போட்டு வையுங்கள், வாடிக்கையாளர்கள் கண்ணிலும் படட்டும். 2027 காலண்டர் கைக்கு வந்ததும் திரும்ப எண்ணுங்கள். அந்த வருடம் திருவோணம் செப்டம்பர் 12-க்குப் போய்விடுகிறது.